32-ஆம் ஹெக்ஸாகிராம் ‘நிலைத்தல்’: திருமணம் நிலைக்குமா என்று கேட்டு இது விழுந்தால் எப்படிப் படிப்பது?

சேலம்_செல்வன்

எல்லோருக்கும் வணக்கம். சீனக் குறிநூலான யி ஜிங்கிடம் “எங்கள் திருமணம் நிலைக்குமா?” என்று கேட்டு மூன்று நாணயம் ஆறு முறை போட்டேன், ஒரு வீச்சுக்கு ஒரு கோடு. தலைக்கு 3, பூவுக்கு 2 என்று கணக்கு. முதல் வீச்சிலிருந்து வரிசையாக வந்தது: 8, 7, 9, 7, 8, 8. மேல் மூன்று கோடு இடி, கீழ் மூன்று கோடு காற்று. புத்தகத்தில் பார்த்தால் 32, ஹெங், நிலைத்தல். பெயரைப் பார்த்ததும் மனசு லேசாச்சு.

ஆனால் 6-உம் 9-உம் மாறும் கோடுகள். எனக்கு மூன்றாவது கோடு 9, அது மாறினால் 40 ஆகிறது. 40-இன் பெயர் ‘விடுதலை’. இப்போது ‘நிலைக்கும்’ என்று எடுத்துக்கொள்வதா, ‘விட்டுப் போகும்’ என்று எடுத்துக்கொள்வதா?

இன்னொன்று. மூன்றாம் கோட்டின் வாசகம் “தன் பண்பில் நிலைத்து நிற்காதவன், தலைகுனிவைச் சந்திப்பான்” என்கிற மாதிரி இருக்கிறது. ஒரு வருஷமாக முடிவை மாற்றி மாற்றிச் சொல்வது என் மனைவிதான். அப்போ இந்தக் கோடு அவரைத்தானே சொல்கிறது?

கட்டம்_பார்ப்பவன்

தம்பி, காசு போட்டுப் பார்த்தெல்லாம் இது தெரியாது. இரண்டு பேர் ஜாதகமும் போடுங்க. ஏழாம் அதிபதி எங்கே இருக்கார், இப்ப என்ன தசை நடக்குது, அதைப் பார்த்தால் போதும். பொருத்தம் பார்த்துத்தானே கட்டினீங்க?

அறுகோடு

ஐயா, அதற்குத் தனி இழை இருக்கிறது. இங்கே கேட்டிருப்பது 32-ஐப் படிப்பது பற்றி, அதிலேயே நிற்போம்.

பினாங்கு_பரமு

செல்வன், முதலில் ஒன்னு உறுதி பண்ணுங்க. முதல் வீச்சை அடியில வச்சீங்களா, மேல வச்சீங்களா? மேலிருந்து எழுதியிருந்தா உங்களுக்கு விழுந்தது 32 இல்லை, 31. நிறைய பேர் இங்கேதான் கோட்டை விடுறாங்க. எனக்கென்னமோ இது 31 மாதிரிதான் தெரியுது.

அறுகோடு

பரமு அண்ணனின் சந்தேகம் நியாயமானது. ஆனால் செல்வன் கொடுத்த எண்களை வைத்தே சரிபார்த்துவிடலாம். அடியிலிருந்து மேலே 8, 7, 9 என்றால் உடைந்தது, முழுசு, முழுசு. அது காற்று. அதற்கு மேல் 7, 8, 8 என்றால் முழுசு, உடைந்தது, உடைந்தது. அது இடி. இடி மேலே, காற்று கீழே, 32 சரி. இதே ஆறு எண்களை மேலிருந்து கீழே எழுதினால் ஏரி மேலே, மலை கீழே என்று 31 வரும். அது ஷியான், அதாவது ஈர்ப்பு, பெண் கேட்கும் கட்டம். 31-ஐத் தலைகீழாகத் திருப்பினால் 32 என்பதால், இந்த ஜோடியில் மட்டும் எழுதும் திசை தவறினால் கல்யாணத்துக்கு முந்தின கதையும் பிந்தின கதையும் இடம் மாறிவிடும். செல்வன் “கீழே காற்று” என்று சொல்வதால் முதல் வீச்சை அடியில் வைத்திருக்கிறார்.

அடுத்துத் தலை, பூ கணக்கு. ஆரம்பத்தில் ஒரு கணக்கும் எழுதும்போது வேறு கணக்கும் வைத்திருந்தால் ஆறு கோடும் எதிராக மாறி 42 வந்துவிடும், 9 என்றது 6 ஆகிவிடும். தலை 3, பூ 2 என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்து அதையே வைத்திருந்தீர்கள் என்றால் பிரச்சினை இல்லை.

இனி கேள்விக்கு வருவோம். நீங்கள் இரண்டு பெயர்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறீர்கள்: நிலைத்தல், விடுதலை. பெயர் பதில் ஆகாது. 32-இல் இது குறிப்பாக முக்கியம், ஏனென்றால் முழு உருவத்துக்கும் பொதுவான தீர்ப்பு வாசகத்துக்கும் கோட்டுக்குக் கோடு வரும் வாசகங்களுக்கும் நடுவில் பெரிய இடைவெளி இருக்கிறது. தீர்ப்பு வாசகம் நல்லது: தடையின்றிச் செல்லும், குற்றமில்லை, உறுதியாக இருப்பது நல்லது, போக ஓர் இடம் இருப்பது நல்லது. ஆனால் ஆறு கோடுகளை எடுத்தால் முதலும் ஆறாவதும் கேடு. மூன்றாவது தலைகுனிவு. நான்காவது “வயலில் வேட்டை இல்லை”. ஐந்தாவது பெண்ணுக்கு நன்மை, ஆணுக்குக் கேடு. இரண்டாவது மட்டும்தான் “வருத்தம் மறையும்” என்று தெளிவாக நல்லதாக முடிகிறது. ஆகவே எந்தக் கோடும் மாறாமல் 32 விழுந்தவருக்கும், ஒரு கோடு மாறி விழுந்தவருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது.

உங்களுக்கு ஒரு கோடுதான் மாறுகிறது. சோங் காலத் தத்துவ அறிஞர் சூ ஷி வகுத்த முறைப்படி, ஒரு கோடு மாறினால் அந்தக் கோட்டு வாசகமே பதில். 32-இன் தீர்ப்பு அதற்குப் பின்னணி. 40 அதற்கும் பின்னால்தான் வரும்.

பினாங்கு_பரமு

அப்போ 40-ஐத் தொடவே வேண்டாமா? இங்கே எல்லாரும் முதல் குறி இன்றைய நிலை, இரண்டாவது குறி முடிவு என்றுதானே சொல்றாங்க.

அறுகோடு

அது இன்று பரவலாக இருக்கும் பழக்கம். தவறு என்று ஒதுக்கமாட்டேன், ஆனால் வரிசையைத் தலைகீழாக்கிவிடுகிறது. கோட்டைப் படித்து முடித்த பிறகு 40-ஐப் பாருங்கள். அப்போதும் அது விவாகரத்தைச் சொல்லவில்லை. 40-இல் இடியும் மழையும் சேர்ந்து வருகின்றன, இறுக்கம் தளர்கிறது. அதன் உருவ விளக்கத்தில் சான்றோர் செய்வதாகச் சொல்லப்படுவது தவறுகளைப் பொறுப்பதும் குற்றங்களை மென்மையாக நடத்துவதும். தீர்ப்பு வாசகம் இன்னும் நேரடியானது: செய்ய வேண்டியது எதுவும் மிச்சமில்லை என்றால் திரும்பி வருவது நன்மை, செய்ய வேண்டியது இருந்தால் சீக்கிரம் செய்வது நன்மை. ஒரு வீட்டில் நடக்கும் சண்டையின் முடிச்சு அவிழ்வதற்கும் இது பொருந்தும், பிரிவதற்கும் பொருந்தும். எது என்பதைச் சொல்வது மூன்றாம் கோடுதான்.

சேலம்_செல்வன்

சரி சார். அப்போ மூன்றாம் கோட்டை எப்படிப் படிப்பது? யாரைச் சொல்கிறது?

அறுகோடு

கோடு எங்கே நிற்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம். இது கீழே உள்ள காற்றின் உச்சிக் கோடு. மூன்று கோட்டு உருவங்களை விளக்கும் பழைய உரையில் காற்றுக்குச் சொல்லும் குணங்களில் ஒன்று முன்னே போவதும் பின்னே வருவதும், இன்னொன்று முடிவெடுக்காமல் இருப்பது. நிலைத்து நிற்பதைப் பேசும் உருவத்துக்குள், ஆடும் குணத்தின் உச்சியில் இந்தக் கோடு நிற்கிறது. மேலே போனால் இடி தொடங்கிவிடும். நடு இடத்தை விட்டு வந்தாயிற்று, அடுத்த இடத்துக்கு இன்னும் போகவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது, இது முறைப்படி சரியான இடத்தில் இருக்கும் கோடு. ஒற்றைப்படை இடத்தில் முழுக்கோடு. மேலே இதற்கு நேரான ஆறாவது கோடு உடைந்தது என்பதால் அதோடு இணையும் இருக்கிறது. இரண்டாவது கோட்டைப் பாருங்கள்: இரட்டைப்படை இடத்தில் முழுக்கோடு, இடம் சரியில்லை, ஆனாலும் வருத்தம் மறைகிறது. காரணம் அது நடுவில் நிற்கிறது. உரை “நீண்ட காலம் நடுவில் இருக்க முடிகிறது” என்றே அதைச் சொல்கிறது. ஆக 32-இல் சரியான பக்கத்தில் இருப்பது போதவில்லை, நடுவை விடாமல் இருப்பதுதான் கணக்கில் வருகிறது. திருமணத்தில் ‘என் பக்கம் நியாயம் இருக்கிறது’ என்பவருக்கு இந்தக் கோடு விழுந்தால் அதை இப்படித்தான் எடுத்துச் சொல்லவேண்டும்.

வாசகம் மூன்று துண்டு. தன் பண்பை நிலையாக வைத்துக்கொள்ளவில்லை. யாரோ ஒருவர் அவமானத்தைக் கொண்டுவந்து தரக்கூடும். இப்படியே தொடர்ந்தால் தலைகுனிவு. முடிவில் ‘கேடு’ இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் கோட்டிலும் ஆறாவதிலும் கேடு என்றே இருக்கிறது. மூன்றாவதில் இருப்பது அதைவிடச் சிறியது, திருத்திக்கொள்ள இடம் விடுவது. அவமானமும் ‘வரக்கூடும்’ என்றுதான் இருக்கிறது. “திருமணம் முறியும்” என்று இந்தக் கோட்டிலிருந்து யாராவது சொன்னால் அவர் வாசகத்தில் இல்லாததைச் சேர்க்கிறார்.

யாரைச் சொல்கிறது? கேட்டவர் நீங்கள். ‘தன் பண்பு’ என்று வரும் கோட்டை முதலில் கேட்டவர் மீதே வைத்துப் பார்ப்பதுதான் என் வழக்கம். அப்படி வைத்து அது எங்கேயும் ஒட்டவே இல்லை என்றால்தான் அடுத்தவர் பக்கம் போகவேண்டும்.

சேலம்_செல்வன்

அது எனக்கு ஒட்டவில்லையே சார். நான் முதல் நாளிலிருந்து ஒரே பேச்சுதான்.

பழஞ்சுவடி

செல்வன் அவர்களே, இந்த இடத்தில் ஒரு பழைய வழக்கைச் சொல்லவேண்டும். ட்ஸோ உரை என்ற பழைய சீன வரலாற்று நூலில் பதிவான திருமணக் குறி அது.

சீ நாட்டில் ட்சுயி ஷு என்ற பெரிய அமைச்சர், தாங் நகரத் தலைவரின் விதவையைப் பார்த்து ஆசைப்பட்டுக் குறி போடச் சொன்னார். விழுந்தது 47, மூன்றாம் கோடு மாறி 28. குறிகாரர்கள் எல்லோரும் நல்லது என்றார்கள். சென் வென்ட்ஸு என்ற இன்னோர் அமைச்சரிடம் காட்டியபோது அவர் ஒத்துக்கொள்ளவில்லை. கீழே இருந்த நீர் காற்றாக மாறுகிறது, கணவன் காற்றாகிறான், காற்று மனைவியை வீழ்த்துகிறது, கட்டாதே என்றார். கோட்டு வாசகத்தையும் எடுத்துக் காட்டினார்: கல்லில் சிக்குகிறான், முள்ளைப் பிடித்துக்கொள்கிறான், வீட்டுக்குள் போகிறான், மனைவியைக் காணவில்லை, கேடு.

ட்சுயி ஷு சொன்ன பதில்தான் இங்கே முக்கியம். “அவள் விதவை, என்ன தீங்கு? அது முன்னாள் கணவனுக்கு வந்துபோயிற்று.” கட்டிக்கொண்டார். பிறகு நாட்டின் அரசன் அந்தப் பெண்ணோடு உறவு வைத்தான். கி.மு. 548-இல் ட்சுயி ஷு அரசனைக் கொன்றார். கி.மு. 546-இல் அவருடைய குடும்பமே எதிரிகளால் அழிக்கப்பட்டது, மனைவி தூக்கிட்டுக்கொண்டாள். அவர் வீடு திரும்பியபோது திரும்ப வீடே இல்லை. அவரும் தூக்கிட்டுக்கொண்டார்.

ஒரு தொந்தரவான கோட்டை இன்னொருவர் தலையில் ஏற்றுவது அவ்வளவு பழைய பழக்கம். குறிகாரர்களும் ஆள் பெரியவர் என்பதால் ஒத்து ஊதினார்கள்.

பினாங்கு_பரமு

அருமையான வழக்கு ஐயா. சென் வென்ட்ஸு படிச்ச மாதிரியே செல்வன் குறியையும் படிக்கலாமே! இங்கே கீழே காற்று நீராகுது. அதற்கு நேர் எதிர். காற்று மூத்த மகள், அதாவது மனைவி. அவர் நீராகிறார். நீர் என்றால் ஆபத்து, பள்ளம். அப்போ மனைவிக்குத்தான் கஷ்டம். செல்வன் சொன்னதும் பாதி சரிதானே?

இன்னொன்னும் இருக்கு. எங்க பக்கம் சீனக் குறிகாரர்கள் நிறைய பேர் இந்த வாசகங்களைப் பார்க்கிறதே இல்லை. கோட்டுக்குக் கோடு பஞ்சபூதம் வச்சு, போட்ட மாதம், நாள் பார்த்துச் சொல்றாங்க. அந்த முறையில 32-க்குக் கேட்டவரோட கோடு மூன்றாவது, எதிராளியோட கோடு ஆறாவது. மூன்றாவது உலோகம், ஆறாவது மண். மண் உலோகத்தைப் பெற்றெடுக்கும், அதனால எதிராளி கேட்டவரைத் தாங்குறார்னு அர்த்தம். ஆம்பளை கேட்டா ஆறாவது கோடு மனைவிக் கோடும் ஆகுது. கல்யாணத்துக்கு இது நல்ல அமைப்பு.

அறுகோடு

அண்ணா, இரண்டாவது பத்தி ரொம்பச் சரி. ஆனால் அதை முழுசாகச் சொல்லுங்கள். அந்த முறைப்படியே பார்த்தாலும் செல்வனுக்கு மாறியிருப்பது மூன்றாவது கோடு, அதாவது கேட்டவர் கோடு. அது 40-க்குப் போகும்போது உலோகம் நெருப்பாகிறது, அந்த நெருப்பு திரும்பி உலோகத்தையே தாக்குகிறது. எதிராளி தாங்க வருகிறார், கேட்டவர் தன் மாற்றத்தாலேயே அடிபடுகிறார். மாதமும் நாளும் சேர்த்துப் பார்க்காமல் இதை முடிவாகச் சொல்லக்கூடாது என்பது உங்களுக்கே தெரியும், செல்வன் போட்ட நாளையும் கொடுக்கவில்லை. ஆனாலும் வாசகம் காட்டும் ஆளையே அதுவும் காட்டுகிறது.

இரண்டு முறைகளையும் கலந்து படிக்காதீர்கள். பூத முறையில் பாதி, வாசகத்தில் பாதி என்று எடுத்தால் வேண்டிய பதிலைப் பொறுக்கிக்கொள்ள முடியும். அதனால்தான் சொல்கிறேன்.

காற்று நீராவது பற்றி: அதைப் பார்ப்பதில் தவறில்லை, பழைய ஆட்கள் பார்த்தார்கள். ஆனால் சென் வென்ட்ஸு உருவத்தையும் வாசகத்தையும் சேர்த்து வைத்து, இரண்டும் ஒரே பக்கம் போனதால் சொன்னார். இங்கே உருவத்தை மட்டும் எடுத்து, காற்று என்றால் மனைவி என்று வைத்து, வாசகத்தை விட்டுவிடுகிறோம்.

வெண்ணிலா_தி

நானும் இதே கேள்வியைக் கேட்டிருந்தேன். எனக்கு வந்தது 8, 9, 7, 7, 6, 8. இரண்டும் ஐந்தும் மாறி 32-லிருந்து 31. ஒரு தளத்தில் “பழைய உறவு போய்ப் புதுக் காதல் வரும்” என்று எழுதியிருந்தார்கள், எரிச்சலாக இருந்தது. அதைவிட எரிச்சல் ஐந்தாவது கோடு: பெண்ணுக்கு நன்மை, ஆணுக்குக் கேடு. நான் பெண் என்பதால் எனக்கு நல்லது என்று எடுத்துக்கொண்டு போய்விடலாமா? பொறுத்துக்கொண்டு இரு, அதுதான் உனக்கு நல்லது என்று சொல்கிற மாதிரி இருக்கிறது.

அறுகோடு

இரண்டு கோடு மாறினால் இரண்டு வாசகங்களையும் படிக்கவேண்டும், மேலே இருப்பது முதன்மை. ஆக உங்களுக்கு ஐந்தாவது தலைமை, இரண்டாவது துணை.

31 புதுக் காதல் என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. இரண்டும் ஐந்தும் ஒன்றுக்கொன்று இணையான கோடுகள், இரண்டும் நடுவில் நிற்பவை. 32-இல் இரண்டுமே இடம் பொருந்தாமல் இருக்கின்றன: இரட்டை இடத்தில் முழுசு, ஒற்றை இடத்தில் உடைந்தது. மாறியதும் இரண்டும் சரியான இடத்துக்கு வந்துவிடுகின்றன. வெளியிலிருந்து யாரும் உள்ளே வரவில்லை. இருக்கும் இரண்டு பேருக்குள் யார் தீர்மானிக்கிறார், யார் விட்டுக்கொடுக்கிறார் என்பது இடம் மாறுகிறது. அது நடந்தால் அந்த இரண்டு பேருக்குள்ளேயே மறுபடி ஈர்ப்பு வருகிறது. நான் இப்படித்தான் படிப்பேன்.

பழஞ்சுவடி

ஐந்தாம் கோடு பற்றி வெண்ணிலாவின் எரிச்சலுக்குக் காரணம் உண்டு. கோட்டு வாசகத்தைவிட அதற்கு எழுதப்பட்ட சிற்றுரைதான் அதிகம் கெடுத்தது. “பெண்ணுக்கு நன்மை, ஏனெனில் ஒருவனையே பின்பற்றி முடிக்கிறாள்; ஆண் எது முறை என்று தீர்மானிக்கவேண்டியவன், பெண்ணைப் பின்பற்றினால் கேடு” என்பது அந்த உரை. “ஒருவனையே பின்பற்றி முடிப்பது” என்ற அந்தத் தொடர் பிற்காலத்தில் விதவை மறுமணத்துக்கு எதிரான கோஷமாகவே ஆகிவிட்டது. நம் ஊரில் கற்பு என்ற பெயரில் நடந்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

ஆனால் அந்தச் சிற்றுரை கோட்டுக்குப் பல நூற்றாண்டு பிந்தியது. கோடு மட்டும் சொல்வது: பண்பில் மாறாமல் உறுதியாக இருப்பது ஒருவருக்கு நன்மை, இன்னொருவருக்குக் கேடு. ஒரே குணம், இடத்தைப் பொறுத்து விளைவு வேறு.

அறுகோடு

என் படிப்பும் அதற்குப் பக்கத்தில்தான். ‘பெண்’, ‘ஆண்’ என்பதை அந்தத் திருமணத்தில் யார் எந்த வேலையைச் செய்கிறார் என்று எடுத்துக்கொள்வேன். பின்தொடர்வது உங்கள் பங்காக இருக்கும் விஷயத்தில் மாறாமல் இருப்பது நல்லது. தீர்மானிக்கவேண்டியது உங்கள் பங்காக இருக்கும் விஷயத்தில் அதே மாறாமை கெடுதல், அங்கே சூழலைப் பார்த்து மாற்றவேண்டும். வீட்டுக் கடனை நீங்கள்தான் பார்க்கிறீர்கள் என்றால், அந்த விஷயத்தில் நீங்கள் இந்தக் கோட்டின் ‘ஆண்’.

பழஞ்சுவடி

அதை நான் ஏற்கமாட்டேன். எழுதியவர்கள் பெண், ஆண் என்று எழுதியபோது பெண்ணையும் ஆணையும்தான் நினைத்தார்கள். நமக்கு வசதியாக ‘பங்கு’ என்று மாற்றினால் வாசகத்தின் கொடுமையை மறைத்ததாகும். கொடுமை இருக்கிறது என்று சொல்லிவிட்டு, இந்தக் கோட்டை இன்றைய பெண்ணுக்கு ஆலோசனையாகப் பயன்படுத்தாமல் விடுவதே நேர்மை.

வெண்ணிலா_தி

இரண்டு பேரும் சொல்வதில் எனக்குப் பழஞ்சுவடி பக்கம்தான் மனம் போகிறது, ஆனால் அறுகோடு சார் சொன்னபடி படித்தால்தான் ஏதாவது செய்ய முடிகிறது. இரண்டாவது கோட்டின் “வருத்தம் மறையும்” என்பதை மட்டும் இப்போதைக்கு வைத்துக்கொள்கிறேன்.

இன்னொரு சந்தேகம். 32 என்றாலே “இருங்கள், பொறுங்கள்” என்று எல்லோரும் சொல்கிறார்கள். அடி உதை இருக்கும் வீட்டில் ஒரு பெண் கேட்டு 32 விழுந்தால்?

அறுகோடு

நீங்கள் கேட்டது நல்லது. 32-ஐ “அசையாமல் இரு” என்று படிப்பதுதான் இதில் அதிகம் நடக்கும் தவறு. தீர்ப்பு வாசகத்தின் கடைசித் துண்டே போக ஓர் இடம் இருப்பது நல்லது என்பது. அதை விளக்கும் உரை, முடிந்தால் மறுபடி தொடக்கம் இருக்கிறது என்கிறது, சூரியனையும் சந்திரனையும் நான்கு பருவங்களையும் உதாரணம் காட்டுகிறது. அவை நீடிப்பது ஓடிக்கொண்டே இருப்பதால். ஒரு கோடும் மாறாமல் 32 விழுந்தால்கூட நான் முதலில் கேட்பது “இந்தத் திருமணம் எங்கே போய்க்கொண்டிருக்கிறது?” என்பதைத்தான். போகும் இடம் எதுவும் இல்லை என்றால் தீர்ப்பின் பாதி இன்னும் நிறைவேறவில்லை.

நான்காம் கோடு இன்னும் வெளிப்படையானது. வயலில் வேட்டை இல்லை. உரை: தனக்கு உரியதல்லாத இடத்தில் நீண்ட காலம், எப்படி வேட்டை கிடைக்கும்? இல்லாத இடத்தில் எவ்வளவு காலம் காத்திருந்தாலும் பயனில்லை என்று நிலைத்தலைப் பேசும் உருவமே சொல்கிறது. அடி உதை இருக்கும் வீட்டுக்குக் குறியே போடவேண்டாம். பாதுகாப்பான இடத்துக்குப் போகவேண்டும். எந்தக் கோட்டையும் காட்டி அங்கே இரு என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

கட்டம்_பார்ப்பவன்

சரி, இதில் எத்தனை வருஷம் தாங்கும் என்று தெரியுமா? ஜாதகத்தில் காலம் தெரியும்.

அறுகோடு

வாசகத்தில் வருஷக் கணக்கு இல்லை ஐயா. 32-இல் எந்தக் கோட்டிலும் நாளோ ஆண்டோ குறிப்பிடப்படவில்லை. சொல்பவர் தன் ஊகத்தைத்தான் சொல்கிறார்.

பினாங்கு_பரமு

நாணயமா தண்டா என்பதையும் சொல்லிடுங்க. ‘யாரோ’ன்னு ஒரு செடி இருக்கே, அதோட தண்டு 50 எடுத்து, ஒன்னைத் தள்ளி வச்சு, 49-ஐப் பிரிச்சு நாலு நாலா எண்ணினா நேரம் ஆகும், ஆனா பலன் ஒன்னுதான்னு நினைக்கிறேன்.

அறுகோடு

ஒன்று இல்லை அண்ணா, அதுவும் 32-இல் வித்தியாசம் நன்றாகத் தெரியும். நாணயத்தில் உடைந்த கோடானாலும் முழுக்கோடானாலும் மாறுவதற்கு வாய்ப்பு நான்கில் ஒன்று. தண்டில் உடைந்த கோடு மாற எட்டில் ஒன்று, முழுக்கோடு மாற எட்டில் மூன்று. 32-இல் 2, 3, 4 முழுக்கோடுகள். 1, 5, 6 உடைந்தவை. ஆகத் தண்டில் போட்டால் கேடு என்று முடியும் முதல் கோடும் ஆறாம் கோடும் அபூர்வமாகத்தான் மாறும், நடு மூன்றும் அடிக்கடி மாறும். நாணயத்தில் ஆறும் சமம். அதனால் தண்டில் ஆறாம் கோடு, அந்த ‘உலுக்கப்படும் நிலைத்தல்’, மாறி வந்தால் நான் கூடுதல் கவனம் கொடுப்பேன். நாணயத்தில் செல்வனுக்கு மூன்றாவது வந்ததற்குத் தனி எடை எதுவும் இல்லை.

சேலம்_செல்வன்

எல்லோருக்கும் நன்றி. எனக்கு இன்னும் அந்தக் கோடு மனைவியைச் சொல்வதாகத்தான் படுகிறது. சந்தேகம் தீர மறுபடி ஒருமுறை போட்டுப் பார்க்கலாமா?

அறுகோடு

அதே கேள்விக்கு வேண்டாம். நான்காம் ஹெக்ஸாகிராமின் தீர்ப்பில் இதற்குப் பதில் இருக்கிறது: முதல் முறை கேட்டால் சொல்வேன், திரும்பத் திரும்பக் கேட்பது அவமதிப்பு, அவமதித்தால் சொல்லமாட்டேன். 32-இன் முதல் கோடும் இதைத் தொட்டுப் போகிறது. தொடக்கத்திலேயே ஆழம் வேண்டும் என்று தோண்டுபவருக்கு, விடாப்பிடியாக இருந்தாலும் கேடு. இரண்டாவது முறை வேறு எண் வந்தால் எதை நம்புவீர்கள்? பிடித்ததைத்தான்.

அதற்குப் பதில் ஒரு காகிதத்தை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடது பக்கம் “இந்தக் கோடு அவரைச் சொல்கிறது என்றால் இந்த மாதம் நான் என்ன செய்வேன்” என்று எழுதுங்கள். வலது பக்கம் “என்னைச் சொல்கிறது என்றால்” என்று எழுதுங்கள். இடது பக்கத்தில் பெரும்பாலும் காத்திருப்பதும் சுட்டிக்காட்டுவதும்தான் வரும். நீங்கள் ஒருமுறை சரி என்று சொல்லிவிட்டுப் பிறகு பின்வாங்கிய விஷயம் ஒன்றாவது வலது பக்கத்தில் வருகிறதா என்று பாருங்கள். பணம், வீடு, பெற்றோர், குழந்தை, எதுவாகவும் இருக்கட்டும். வந்தால் கோடு ஒட்டிவிட்டது. 40 சொல்லும் ‘சீக்கிரம்’ அந்த ஒரு விஷயத்துக்குத்தான். ஒன்றுமே வரவில்லை என்றால் அடுத்தவர் பக்கம் படிப்பதற்கு நானும் ஒத்துக்கொள்கிறேன்.

பினாங்கு_பரமு

காகிதம் எழுதட்டும், நல்லதுதான். ஆனா கோடு எதிராளியைச் சொல்லவே சொல்லாதுன்னு அடிச்சுப் பேசவும் வேண்டாம். ட்சுயி ஷுவுக்கு வந்த கோட்டிலேயே “மனைவியைக் காணவில்லை” என்று இருக்கே. செல்வன், போட்ட நாளும் மாதமும் இருந்தா அனுப்புங்க, பூத முறையில தனியா பார்த்துச் சொல்றேன். கலக்கமாட்டேன்.

சேலம்_செல்வன்

நாளை எழுதி வைத்திருக்கிறேன் அண்ணா, தனிமடலில் அனுப்புகிறேன். வலது பக்கத்தில் இரண்டு வரி வந்திருக்கிறது. அதில் ஒன்று என் மாமனார் வீட்டு விஷயம். மற்றதை இன்னும் யோசிக்கிறேன்.